விதியும் ஆர்டரும்: வேகமாகச் சரியும் சந்தையில் ஸ்டாப் லாஸ்

2020 மார்ச் மாதத்தில் பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை நிஃப்டி 10 விழுக்காடு விழுந்து, விதிப்படி 45 நிமிடம் வணிகம் நிறுத்தப்பட்டது. 13ஆம் தேதி வெள்ளிக்கிழமை, சந்தை திறந்த சில நிமிடங்களிலேயே முதல் நிறுத்தம் வந்தது. முந்தைய நாள் 9,590இல் முடிந்திருந்த குறியீடு 8,555 வரை போனது. மீண்டும் திறந்தபின் மேலே திரும்பி, மாலையில் 9,955இல் நின்றது. 23ஆம் தேதி திங்கட்கிழமையும் அதே போன்ற சரிவும் அதே போன்ற நிறுத்தமும் நிகழ்ந்தன. ஆனால் அன்று சந்தை திரும்பவில்லை. 8,745இல் இருந்து புறப்பட்ட குறியீடு 7,610இல் முடிந்தது. முதல் நாள் ஸ்டாப் லாஸ் வைத்திருந்தவர் ஏமாந்தார் என்றும், இரண்டாம் நாள் வைத்திருந்தவர் தப்பினார் என்றும் சொல்வது எளிது. அந்தத் தீர்ப்பு போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். இழப்பை எங்கே நிறுத்துவது என்ற விதி ஒன்று. அந்த விதியை நிறைவேற்ற எக்ஸ்சேஞ்சில் முன்கூட்டியே போட்டுவைக்கும் ஆர்டர் வேறொன்று. ஸ்டாப் லாஸ் பயன் தரும் என்பதற்கான நல்ல ஆதாரம் விதியைப் பற்றியது. அது கெடுதல் செய்யும் என்பதற்கான ஆதாரம் பெரும்பாலும் ஆர்டரைப் பற்றியது. இரண்டும் ஒன்றெனக் கொள்வதால்தான் இந்த விவாதம் முடிவில்லாமல் நீள்கிறது.

முதலில் ஆர்டர் எப்படி இயங்குகிறது என்பதைப் பார்ப்போம். தேசியப் பங்குச் சந்தையில் விற்பனைக்கான ஸ்டாப் லாஸ் ஆர்டரைப் போடும்போது ட்ரிக்கர் விலை ஒன்றைக் கொடுக்கிறோம். அந்த ஆர்டர் உடனே மற்ற விற்பனை ஆர்டர்களின் வரிசைக்குப் போவதில்லை. தனிப் பட்டியலில் காத்திருக்கிறது. கடைசியாக வணிகமான விலை ட்ரிக்கரைத் தொட்டாலோ அதற்குக் கீழே போனாலோ பொது வரிசைக்குள் விடப்படுகிறது. அந்த நொடியில் அது வெறும் விற்பனை ஆர்டர். ட்ரிக்கர் விலைக்கு வாங்குவதாக யாரும் வாக்குக் கொடுத்திருக்கவில்லை. என்ன விலை கிடைக்கும் என்பதை எதிரே நிற்கும் வாங்குவோரின் வரிசையே தீர்மானிக்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 500 ரூபாய்க்கு நடந்துகொண்டிருந்த பங்கு வேகமாக இறங்கி 480இல் வணிகமாகிறது. ஒருவர் 1,500 பங்குகளுக்கு 480இல் ட்ரிக்கர் வைத்திருக்கிறார். அப்போது 480இல் 200 பங்குக்கும், 476இல் 300 பங்குக்கும், 470இல் 500 பங்குக்கும், 455இல் 1,000 பங்குக்கும் மட்டுமே வாங்குவோர் நிற்கிறார்கள். அவருடைய ஆர்டர் மார்க்கெட் ஆர்டராக இருந்தால் முதல் மூன்று படிகளையும் துடைத்துவிட்டு, மீதி 500 பங்குகளை 455இல் தள்ளிவிடும். சராசரியாகக் கிடைத்தது சுமார் 467 ரூபாய் 50 காசு. அவர் மனத்தில் இருந்த இழப்பு 20 ரூபாய். நேர்ந்தது 32 ரூபாய் 50 காசு. கதை இதோடு முடிவதில்லை. கடைசி வணிக விலை இப்போது 455. எனவே 475, 470, 460 என்று ட்ரிக்கர் வைத்திருந்த அனைவருடைய ஆர்டர்களும் ஒரே நேரத்தில் கட்டவிழ்கின்றன. ஒருவரது காப்பு அடுத்தவரது ட்ரிக்கரைத் தட்டிவிடுகிறது. இத்தனைக்கும் அந்த நிறுவனத்தைப் பற்றிப் புதிய செய்தி எதுவும் வந்திருக்க வேண்டியதில்லை.

இந்த அடுக்குச் சரிவு வெறும் ஊகமன்று. நாணயச் சந்தையில் ஒரு பெரிய வங்கியிடம் வந்த உண்மையான ஆர்டர்களை ஆராய்ந்த கரோல் ஆஸ்லர், லாபம் எடுக்கும் ஆர்டர்கள் முழு எண்களின் மேலேயே குவிவதையும், ஸ்டாப் லாஸ் ஆர்டர்கள் முழு எண்ணைச் சற்றுத் தாண்டிய இடத்தில் குவிவதையும் காட்டினார். முழு எண்ணைக் கடந்தபின் விலை வேகமெடுப்பதற்கு அவர் தரும் விளக்கம் இந்தக் குவியல்தான். நம்மூர் டிரேடர்கள் ‘எஸ்.எல். அடிச்சிட்டுத் திரும்பிடுச்சு’ என்று புலம்பும்போது யாரோ தங்களைக் குறிவைத்ததாக நினைக்கிறார்கள். சதி இல்லாமலேயே அது நடக்கும். எல்லோரும் ஒரே இடத்தில் ட்ரிக்கர் வைத்தால் போதும்.

மார்க்கெட் ஆர்டருக்குப் பதிலாக லிமிட் வைப்பது வழக்கமான மாற்று. ட்ரிக்கர் 480, லிமிட் 475 என்று வைத்திருந்தால், மேற்சொன்ன கணக்கில் முதல் இரண்டு படிகளில் 500 பங்குகள் விற்றிருக்கும். மீதி 1,000 பங்குகள் 475இல் விற்பனைக்கு நின்றிருக்கும். விலை திரும்பினால் அவை நல்ல விலைக்கே போகும். திரும்பாவிட்டால் விற்கப்படாமலே கிடக்கும். பங்கு லோயர் சர்க்யூட்டில் பூட்டிக்கொண்டால் மறுநாளும் வெளியேற வழியில்லாமல் போகலாம். மார்க்கெட் ஆர்டர் விற்பனையை உறுதி செய்து விலையைக் கைவிடுகிறது. லிமிட் ஆர்டர் விலையை உறுதி செய்து விற்பனையைக் கைவிடுகிறது. இரண்டையும் ஒருசேரத் தரும் ஸ்டாப் லாஸ் ஆர்டர் எந்த எக்ஸ்சேஞ்சிலும் கிடையாது.

எக்ஸ்சேஞ்சுகள் எந்தப் பக்கம் சாய்ந்தன என்பது கவனிக்கத்தக்கது. வாங்குவோர் வரிசை மெலிந்த ஆப்ஷன்களில் ஒரு நொடி மட்டும் விபரீத விலையில் வணிகம் நடந்த சம்பவங்களுக்குப் பின், தேசியப் பங்குச் சந்தை 2021 செப்டம்பர் 27 முதல் ஆப்ஷன்களில் மார்க்கெட் வகை ஸ்டாப் லாஸை நீக்கியது. மும்பைப் பங்குச் சந்தை 2023 அக்டோபரில் அந்த வகையையே கைவிட்டது. நியூயார்க் பங்குச் சந்தை இன்னும் ஒரு படி மேலே போய், 2016 பிப்ரவரி 26 முதல் ஸ்டாப் ஆர்டர்களை ஏற்பதையே நிறுத்தியது. தரகு நிறுவனங்கள் தங்கள் அளவில் அவற்றைத் தொடர்ந்து வழங்கின என்பது வேறு விஷயம்.

நியூயார்க்கின் அந்த முடிவுக்குப் பின்னால் 2015 ஆகஸ்ட் 24 இருந்தது. அன்று காலை அமெரிக்கச் சந்தை பெரும் சரிவோடு திறந்தது. பல பங்குகளின் வணிகம் தாமதமாகத் தொடங்கியதால், அவற்றை உள்ளடக்கிய இ.டி.எஃப்.களின் சரியான மதிப்பை யாராலும் கணக்கிட முடியவில்லை. வழக்கமாக இடைவெளியை நிரப்பும் நிறுவனங்கள் ஒதுங்கின. அந்த ஒரே நாளில் 471 பங்குகளிலும் இ.டி.எஃப்.களிலும் சேர்த்து 1,278 தற்காலிக நிறுத்தங்கள் ஏற்பட்டன. எஸ்&பி 500இன் அதே பங்குகளைச் சம எடையில் வைத்திருந்த ஒரு பெரிய இ.டி.எஃப். சில நிமிடங்களுக்கு 40 விழுக்காட்டுக்கும் மேல் விழுந்தது. உள்ளிருந்த பங்குகளின் வீழ்ச்சி அதில் ஒரு சிறு பகுதிதான். 10 விழுக்காட்டுக்குக் கீழே ஸ்டாப் லாஸ் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தவர், கையில் இருந்த சொத்தின் மதிப்பை விட மிகக் குறைந்த விலைக்கு அதைத் தாரை வார்த்தார். விழுந்தது நிறுவனங்களின் மதிப்பன்று; சில நிமிடங்களுக்கு வாங்க ஆளில்லாமல் போயிற்று, அவ்வளவே.

இத்தகைய வெற்றிடத்தில் நேரமே மருந்து என்பதற்கு 2010 மே 6 சான்று. அன்று பிற்பகல் சிகாகோ சந்தையில் இ-மினி ஃபியூச்சர்ஸ் விழுந்துகொண்டிருந்தபோது, அடுத்தடுத்த ஸ்டாப் ஆர்டர்கள் விலையை எல்லை மீறி இழுக்கும் நிலையைக் கண்டறியும் தானியங்கி ஏற்பாடு வணிகத்தை நிறுத்தியது. நிறுத்தம் வெறும் 5 நொடி. திறந்ததும் விலை நிலைகொண்டு ஏறத் தொடங்கியது.

இப்போது மார்ச் 2020க்கு வருவோம். எளிமைக்காகக் குறியீட்டு எண்ணையே விற்கும் விலையாகக் கொள்கிறேன். 12ஆம் தேதி இரவு 9,300இல் விலகிவிட வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்திருந்தார் என வைத்துக்கொள்வோம். மறுநாள் சந்தை திறந்ததே சுமார் 9,100இல். ஆர்டர் அங்கேயோ அதற்குக் கீழேயோ நிறைவேறியிருக்கும். மாலை விலையோடு ஒப்பிட்டால் சுமார் 850 புள்ளி போயிற்று. அதே 9,300 விதியை நாளிறுதி விலையை மட்டும் பார்த்துப் பின்பற்றியிருந்தால் அன்று விற்பனையே நடந்திருக்காது. 23ஆம் தேதி நிலைமை நேரெதிர். 8,500இல் ட்ரிக்கர் வைத்தவர் 245 புள்ளி இழப்பை ஏற்கத் தயாராக இருந்தார். சந்தை சுமார் 7,950இல் திறந்ததால் 800 புள்ளி இழந்தார். இரவில் பிறக்கும் பள்ளத்தை எந்த ட்ரிக்கரும் நிரப்பாது. ஆயினும் நாளிறுதிவரை காத்திருந்தவரை விட அவருக்கு 340 புள்ளி மிச்சம். இரண்டு நாள்களை வைத்துச் சட்டம் எழுத முடியாது. ஆனால் காத்திருக்கும் ஆர்டர் எந்தச் சரிவில் உதவும் என்பது தெரிகிறது: பகலில் தொடங்கி, பகலிலேயே திரும்பாமல் தொடரும் சரிவில்.

இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. 13ஆம் தேதி 9,100இல் விற்றவர் அன்று மாலை ஏமாளியாகத் தெரிந்தார். 23ஆம் தேதி தீர்க்கதரிசியாகத் தெரிந்தார். நவம்பரில் நிஃப்டி 12,400ஐத் தாண்டிப் புதிய உச்சம் தொட்டபோது, திரும்ப வாங்காதிருந்தால் மீண்டும் ஏமாளி. விற்ற விலையை மட்டும் வைத்து அவருக்கு நன்மையா தீமையா என்று சொல்லவே முடியாது. எப்போது திரும்ப நுழைவார் என்பதையும் சேர்த்தால்தான் அது முழுமையான விதி.

கேத்ரின் காமின்ஸ்கியும் ஆண்ட்ரூ லோவும் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் முறையாகச் செய்தது. அவர்கள் ஆராய்ந்த விதியில் வெளியேறும் எல்லையும் உண்டு, திரும்ப நுழையும் எல்லையும் உண்டு. விலை முன்பின் தொடர்பின்றி நகர்ந்தால் இந்த விதி எதிர்பார்ப்பு வருமானத்தைக் குறைக்கவே செய்யும் என்பது அவர்கள் முடிவு. விழுந்தது மேலும் விழும் போக்கு இருந்தால் பயன் உண்டு. விழுந்தது எழும் போக்கு இருந்தால் நட்டம். பங்குக் குறியீட்டு ஃபியூச்சர்ஸின் தினசரி விலைத் தரவில், விலையை நீண்ட இடைவெளிகளில் பார்த்தபோது சில விதிகள் வருமானத்தைக் கூட்டி ஏற்ற இறக்கத்தைக் குறைத்தன. அந்தப் பயன் ட்ரிக்கர் வைத்துக் காத்திருந்த ஆர்டரில் இருந்து வரவில்லை. நிமிடச் சரிவுகள் அவர்கள் கணக்கில் இடம்பெறவே இல்லை. ஆய்வைக் காட்டி ஆர்டரை விற்கும் தரகு நிறுவன விளம்பரங்கள் சௌகரியமாக மறக்கும் இடம் இது.

அப்படியானால் ஆர்டர் யாருக்கு? ஃபியூச்சர்ஸிலோ கடன் மார்ஜினிலோ இருப்பவருக்கு அது தவிர்க்க முடியாதது. அவருடைய இழப்பு முதலையே தாண்டக்கூடும். அவர் விற்காவிட்டால் தரகு நிறுவனம் அவரைக் கேட்காமலே விற்றுவிடும். அவர் தவறான நேரத்தில் வெளியேற்றப்படும் செலவை ஏற்றே ஆக வேண்டும். ட்ரிக்கரை முழு எண்களின் ஓரத்தில் வைக்காமல் இருப்பதும், வரிசையின் ஆழத்துக்கேற்ப லிமிட்டைத் தாராளமாக வைப்பதும் மட்டுமே அவர் கையில் உள்ளன. சொந்தப் பணத்தில் இ.டி.எஃப்.போ, வணிகம் மெலிந்த சிறு பங்கோ வைத்திருப்பவருக்கு நாளிறுதி விலையில் பார்க்கும் விதி போதும் என்பது என் கருத்து. சிறு பங்கில் காத்திருக்கும் மார்க்கெட் ஆர்டர் சரிவுக்குத் தானே எரிபொருளாகும்.

இரவுப் பள்ளத்துக்கும் சேர்த்து விலையை உறுதி செய்யும் கருவி ஒன்றுதான், புட் ஆப்ஷன். அதற்குப் பிரீமியம் கட்ட வேண்டும். 2020 மார்ச் இறுதியில் இந்தியா விக்ஸ் 70ஐத் தாண்டியபோது அந்தப் பிரீமியம் ஜனவரியில் இருந்ததைப் போலப் பல மடங்கு. ஸ்டாப் லாஸ் ஆர்டருக்குக் கட்டணம் இல்லாததன் காரணமும் இதுவே: விலை உறுதி என்ற பொருள் அதில் விற்கப்படுவதே இல்லை.