கண் இமைத் துடிப்பு: எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

ஒரு கண்ணின் கீழ் இமை மட்டும் சில நாள்களாக விட்டுவிட்டுத் துடிக்கிறதா? இமையைச் சுற்றியுள்ள தசையின் நுண்ணிழைகள் தாமாகவே சுருங்குவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். இது நற்சகுனமும் அன்று, தீச்சகுனமும் அன்று.

சான்றாக, சாரம் பகுதியில் வசிக்கும் ஒருவர் இரவுப் பணியில் விழித்திருக்க ஐந்து குவளை காபி அருந்தி, பகலில் நான்கு மணி நேரமே உறங்குகிறார் எனக் கொள்வோம். உறக்கக் குறைவும் காபியிலுள்ள காஃபீனும் துடிப்பைத் தூண்டக்கூடும். காபியை ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரலாம். ஆகவே, சில நாள்களுக்கு ஒருமுறை ஒரு குவளை குறைத்து, உறங்குவதற்கு முந்தைய ஆறு மணி நேரம் காபி, தேநீரைத் தவிர்க்கவும். போதிய உறக்கம் கிடைத்தால், துடிப்பு பெரும்பாலும் சில நாள்களிலோ வாரங்களிலோ தானே அடங்கும்.

துடிக்கும்போது கண்ணாடியில் பாருங்கள். அதே பக்கக் கன்னமும் வாயோரமும் சேர்ந்து இழுத்தால், இரத்தக்குழாய் ஒன்று முக நரம்பை அழுத்திக்கொண்டிருக்கலாம். அவ்வாறு இழுத்தாலோ, இரு கண்களும் இறுக மூடிக்கொண்டாலோ, இமை தொங்கினாலோ, கண் சிவந்தாலோ, துடிப்பு சில வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ கண் மருத்துவரை அணுகவும்.

திடீரென முகம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கை கால் வலுவிழந்தாலோ தாமதிக்காமல் 108-ஐ அழைக்கவும்.