ஊதிப் பார்த்தால் தெரியாத மயக்கம்

வண்டி ஓட்டுபவரின் போதையை ஓர் எண்ணாக எழுதிவிடலாம் என்பது 20ஆம் நூற்றாண்டு கண்டறிந்த உண்மை. அந்த எண் பல லட்சம் உயிர்களைக் காத்தது. அதே வேளையில், எண்ணுக்குள் அடங்காத மயக்கங்களைச் சட்டமும் மருத்துவமும் ஓட்டுநரும் கண்டுகொள்ளாமல் விட அதுவே வழிசெய்தது என்பது இக்கட்டுரையின் வாதம். சளி மாத்திரையும் தூக்க மாத்திரையும் இதற்கு முதன்மைச் சான்றுகள்.

பிரிட்டனின் 1872ஆம் ஆண்டு உரிமச் சட்டம் குதிரை வண்டியையோ நீராவி எந்திரத்தையோ குடிவெறியில் ஓட்டுவதைக் குற்றமாக்கியது. குடிவெறி என்பதை யார் முடிவுசெய்வது? காவலரும் மருத்துவரும்தான். நேர்கோட்டில் நடக்கச் சொல்வார்கள், பேச்சு குழறுகிறதா என்று பார்ப்பார்கள், வாடையை முகர்வார்கள். தள்ளாடாமல் நிற்கப் பழகிய குடிகாரர் தப்பிவிடுவார். இந்த நிலையை மாற்றியவர் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் விட்மார்க். விரல் நுனியிலிருந்து எடுத்த சில துளி இரத்தத்தில் ஆல்கஹாலை அளக்கும் முறையை அவர் 1922இல் வெளியிட்டார். 1936இல் நார்வே, இரத்தத்தில் 0.05 விழுக்காடு என்ற வரம்பைச் சட்டமாக்கியது. 1954இல் அமெரிக்காவின் ராபர்ட் போர்க்கன்ஸ்டைன் மூச்சுப் பகுப்பாய்வுக் கருவியை உருவாக்கினார். ஊசி இல்லாமல், சாலையோரத்திலேயே அந்த எண் கிடைக்கத் தொடங்கியது.

ஆல்கஹாலை இப்படி அளக்க முடிந்ததற்கு அதன் இயல்பே காரணம். அது நீரில் முழுதாகக் கலக்கும்; உடலில் நீர் உள்ள இடமெல்லாம் பரவும்; நுரையீரலில் இரத்தத்திலிருந்து மூச்சுக்குத் தாவும்; கல்லீரல் அதை மணிக்கு ஏறத்தாழ ஒரே வேகத்தில் எரிக்கும். இரத்தத்தில் அளவு கூடினால் மூளையின் மந்தமும் பெரும்பாலும் கூடும். இத்தனை பண்புகளும் ஒருசேர அமைந்த போதைப்பொருள் அரிது. பிற்கால ஆய்வாளர்களும் சட்டமியற்றியவர்களும் எல்லா மயக்கப்பொருள்களும் ஆல்கஹாலைப் போலவே நடந்துகொள்ளும் என்று எதிர்பார்த்தது இயல்புதான். ஆனால் ஆல்கஹாலே அந்த எதிர்பார்ப்புக்கு முழுமையாகக் கட்டுப்படவில்லை.

1919இலேயே இங்கிலாந்தின் எட்வர்டு மெல்லன்பி நாய்களிடம் ஒன்றைக் கவனித்திருந்தார். இரத்தத்தில் ஆல்கஹால் ஏறிக்கொண்டிருக்கும்போது காணப்படும் தள்ளாட்டம், அதே அளவு இறங்கிக்கொண்டிருக்கும்போது குறைவாக இருந்தது. மனிதர்களிடம் பின்னர் செய்த சோதனைகள் இதைவிடக் கவலையளிக்கும் ஒன்றைக் காட்டின. இறங்கும் கட்டத்தில் 'போதை தெளிந்துவிட்டது' என்ற உணர்வு முதலில் வந்துவிடுகிறது. கண்ணும் கையும் தெளிவது பிந்தியே. விருந்து முடிந்து இரண்டு மணி நேரம் காத்திருந்து, 'இப்போ நல்லாத்தான் இருக்கேன்' என்று சாவியை எடுப்பவர் பொய் சொல்லவில்லை. தன்னை மதிப்பிடும் திறனும் போதையிலிருந்து இன்னும் மீளவில்லை என்பதுதான் சிக்கல்.

போர்க்கன்ஸ்டைனின் கருவியைவிட அவரது இன்னொரு பணிக்குத் தாக்கம் அதிகம். 1962-63இல் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில், விபத்தில் சிக்கிய ஏறத்தாழ 6,000 ஓட்டுநர்களையும், அதே இடங்களில் விபத்தின்றிக் கடந்துபோன 7,500க்கும் மேற்பட்டோரையும் அவரது குழு ஒப்பிட்டது. இரத்த ஆல்கஹால் ஏற ஏற விபத்து வாய்ப்பு செங்குத்தாக ஏறும் வளைகோடு 1964இல் உலகுக்குக் கிடைத்தது. பிரிட்டன் 1967இல் 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு 80 மில்லிகிராம் என்று வரம்பு வைத்ததன் பின்னணியில் இந்த வளைகோடு நின்றது. ஆனால் அதன் தொடக்கத்தில் ஒரு பள்ளம் இருந்தது. மிகக் குறைவாகக் குடித்தவர்களின் விபத்து வாய்ப்பு குடிக்காதவர்களைவிடவும் குறைவாகத் தெரிந்தது. 'ஒரு பெக் போட்டால் ஓட்டம் சீராகும்' என்ற நம்பிக்கைக்கு இதைச் சான்றாக நீட்டியவர்கள் உண்டு. பிறகு தரவைக் குடிப்பழக்க வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது அந்தப் பள்ளம் மறைந்தது. குடிக்காதோர் கூட்டத்தில் விபத்து வாய்ப்பு இயல்பிலேயே மிகுந்த இளையோரும் முதியோரும் அதிகம். ஒரே வகை ஓட்டுநர்களுக்குள் ஒப்பிட்டால், முதல் துளியிலிருந்தே ஏற்றம்தான்.

இதே காலத்தில் ஆய்வகங்கள் எதிர்வினை நேரத்தை அளந்துகொண்டிருந்தன: விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் நகரும். எதிர்வினை பத்தில் ஒரு நொடி பிந்தினால் பிரேக்கில் கால் படுமுன் கூடுதலாக 1.7 மீட்டர் போயிருக்கும். இந்தக் கணக்கு சரியானது, ஆனால் ஏமாற்றுவதும்கூட. எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒற்றை விளக்குக்கு மயங்கிய மூளையாலும் ஓரளவு விரைந்து பதில் சொல்ல முடியும். முன்னே போகும் லாரி, ஓரத்தில் வரும் சைக்கிள், கண்ணாடியில் தெரியும் பேருந்து ஆகிய மூன்றையும் ஒருசேரக் கவனிக்கச் சொன்னால் அதே மூளை திணறும். எளிய சோதனையில் தேறிய மருந்துகள் பல, நெடுஞ்சாலையில் தோற்றன.

அந்த நெடுஞ்சாலைச் சோதனையை வகுத்தவர் நெதர்லாந்தில் பணியாற்றிய ஜேம்ஸ் ஓஹான்லன். அவர் செய்தது மிக எளிது. மருந்து உட்கொண்டவர் உண்மையான நெடுஞ்சாலையில் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 95 கிலோமீட்டர் என்ற சீரான வேகத்தில் ஓட்டுவார். பக்கத்தில் இன்னொரு பிரேக்கோடு பயிற்றுநர் அமர்ந்திருப்பார். வண்டி தடத்தின் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை வண்டியில் பொருத்திய கருவி தொடர்ந்து பதியும். கடைசியில் அந்தத் தூரம் எவ்வளவு ஏறி இறங்கியது என்பதன் திட்டவிலக்கம் சென்டிமீட்டரில் கணக்கிடப்படும். சாதாரணமாகச் சொன்னால், வண்டி எவ்வளவு அலைபாய்ந்தது என்ற அளவு. டயசிபாம் என்ற பதற்றம் தணிக்கும் மருந்து இந்த அலைபாய்தலைக் கூட்டுகிறது என்ற முடிவு 1982இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது.

இந்த அளவுகோலை 1987இல் ஆல்கஹாலைக் கொண்டே அளவீடு செய்தார்கள். இரத்தத்தில் 0.05 விழுக்காடு இருந்தால் அலைபாய்தல் 2.4 சென்டிமீட்டர் கூடியது, 0.08 விழுக்காட்டில் 4.1 சென்டிமீட்டர். இனி எந்த மாத்திரையையும் இந்தத் தராசில் வைத்து, 'இது இத்தனை குடிக்குச் சமம்' என்று சொல்லலாம். சோப்பிகுளோன் என்ற தூக்க மாத்திரை 7.5 மில்லிகிராம் போட்டு இரவு முழுக்கத் தூங்கியவர்கள், 10 மணி நேரம் கழித்துக் காலையில் ஓட்டியபோதும் 0.05 விழுக்காட்டைத் தாண்டிய குடிக்குச் சமமாக அலைபாய்ந்தார்கள். நன்றாகத் தூங்கி எழுந்தோம் என்ற நிறைவோடு புறப்படுபவர் தம்மைச் சந்தேகிக்கக் காரணமே இல்லை. சொல்பிடெம் என்ற இன்னொரு தூக்க மருந்தைப் பெண்களின் உடல் மெதுவாக வெளியேற்றுகிறது என்று அறிந்த அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, 2013இல் பெண்களுக்கான பரிந்துரை அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராமாகக் குறைத்தது. அந்த மருந்து அதற்கு முன் இருபது ஆண்டுகள் புழக்கத்தில் இருந்தது.

எனினும் என் பார்வையில், குறைத்து மதிப்பிடப்பட்ட மயக்கத்துக்கு மிகத் தெளிவான சான்று ஒவ்வாமை மருந்துகள்தாம். டைஃபென்ஹைட்ரமின் 1940களில் சந்தைக்கு வந்தது. இருமல் சிரப்பிலும் சளி மாத்திரையிலும் இதுவோ, இதன் உறவான குளோர்ஃபெனிரமினோ இன்றும் இருக்கும். இவை தடுக்கும் ஹிஸ்டமின் என்ற உடல் வேதிப்பொருள் மூக்கில் ஒழுகலை உண்டாக்கும். மூளையில் அது நம்மை விழிப்போடு வைத்திருக்கும். பழைய தலைமுறை மருந்துகள் மூளைக்குள் எளிதில் நுழைந்து, மூக்கோடு சேர்த்து விழிப்பையும் அடைத்துவிடுகின்றன.

அயோவா பல்கலைக்கழகத்தின் ஓட்டுநர் சிமுலேட்டரில் ஜான் வெய்லர் குழுவினர் நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வை இங்கே விரிவாகப் பார்க்க வேண்டும். ஒவ்வாமையால் மூக்கொழுகும் 40 பேர் நான்கு முறை வந்தார்கள். ஒவ்வொரு முறையும் நான்கில் ஒன்று: டைஃபென்ஹைட்ரமின் 50 மில்லிகிராம், புதிய தலைமுறை மருந்தான ஃபெக்ஸோஃபெனடின் 60 மில்லிகிராம், இரத்தத்தில் ஏறத்தாழ 0.1 விழுக்காடு வருமளவு மது, அல்லது வெற்று மாத்திரை. முன்னே போகும் வண்டி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும்; பின்தொடர்பவர் அதற்கேற்பத் தம் வேகத்தை மாற்ற வேண்டும். இதுவே முதன்மைச் சோதனை. இதில் டைஃபென்ஹைட்ரமின் எடுத்தவர்கள் மது எடுத்தவர்களைவிட மோசமாக ஓட்டினார்கள். ஃபெக்ஸோஃபெனடினால் அந்தக் கேடு இல்லை. இந்தியச் சட்ட வரம்பான 100 மில்லிலிட்டருக்கு 30 மில்லிகிராமோடு ஒப்பிட்டால், அங்கே கொடுத்த மது மும்மடங்குக்கும் மேல் என்பதை நினைவில் கொள்க.

அதே ஆய்வின் இன்னொரு முடிவு அதிகம் பேசப்படவில்லை. 'தூக்கமாக இருக்கிறதா?' என்று ஓட்டுநர்களைக் கேட்டுப் பெற்ற மதிப்பெண்ணும் அவர்களது ஓட்டமும் பெரிதாகப் பொருந்தவில்லை. தூக்கம் வரவில்லை என்றவர்களும் தடுமாறினார்கள். 'தூக்கம் வந்தால் வண்டி ஓட்டாதீர்கள்' என்ற எச்சரிக்கை வாசகம், மருந்து முதலில் எந்த உணர்வை மழுக்குமோ அந்த உணர்வையே காவலாளியாக நியமிக்கிறது. இந்த ஆய்வுக்கும் வரம்பு உண்டு. ஒரே ஒரு வேளை மருந்தை மட்டும் சோதித்தார்கள்; நாள்தோறும் எடுப்பவருக்கு உடல் ஓரளவு பழகிவிடக்கூடும்.

கஞ்சாவின் கதை இதற்கு நேர் எதிர். மாஸ்ட்ரிக்ட் நகரில் ஆய்வாளர் ராபும் ஓஹான்லனும் செய்து 1993இல் வெளியான சாலைச் சோதனைகளில், கஞ்சா புகைத்தவர்கள் தம் ஓட்டம் உண்மையில் இருந்ததைவிட மோசம் என்று நினைத்தார்கள். மது அருந்தியவர்கள் இருந்ததைவிட நன்று என்று நினைத்தார்கள். ஆனால் கஞ்சாவும் சிறிது மதுவும் சேர்ந்தால் அந்த எச்சரிக்கை உணர்வால் ஈடுகட்ட முடிவதில்லை. தனித்தனியே சிறிதாக இருந்த கேடு சேரும்போது பெரிதாகிறது. இங்கே எண் முற்றிலும் கைவிடுகிறது. கஞ்சாவின் வேதிப்பொருள் கொழுப்பில் கரைவது. புகைத்த ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்தில் அதன் அளவு சரிந்துவிடும், மயக்கமோ நீடிக்கும். அதன் எச்சம் சிறுநீரில் வாரக்கணக்கில் தெரியும்; அப்போது மயக்கமே இருக்காது.

ஆனாலும் சில நாடுகள் எண்ணையே நாடின. நார்வே 2012இல் இருபது மருந்துகளுக்கு, குடியின் 0.02 விழுக்காட்டுக்கு இணையான இரத்த வரம்புகளை வகுத்தது. இங்கிலாந்தும் வேல்ஸும் 2015இல் தனி வரம்புகளைக் கொண்டுவந்தன. பிரான்ஸ் 2005இல் வேறு வழியில் போனது. மருந்துப் பெட்டிகளிலேயே மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று நிலைக் கார் சின்னங்களை அச்சிட உத்தரவிட்டது. சிவப்புக்குப் பொருள், வண்டி ஓட்டாதே. இந்தியாவின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 185, மதுவுக்கு எண் கொடுத்திருக்கிறது. மருந்துக்கு அது சொல்வதெல்லாம், வண்டியைச் சரிவரக் கட்டுப்படுத்த இயலாத அளவுக்கு அதன் வயப்பட்டிருத்தல் என்பதுதான். ஊதும் கருவி அதைக் காட்டாது.

எனக்குப் பிரான்ஸ் நாட்டின் வழியே மேலானதாகத் தோன்றுகிறது. அது ஓட்டுநரைச் சாலையில் மடக்குவதற்குப் பதில், மாத்திரையை வாங்கும் இடத்திலேயே எச்சரிக்கிறது. அவரது உணர்வை நம்பவும் இல்லை. அப்படியொரு சின்னம் நம் ஊர் மாத்திரை அட்டையில் வரும்வரை, மருந்துக்கடையில் சளி மாத்திரை வாங்கும்போது, தூக்கம் வருமா என்று கேட்பதோடு நிறுத்தாமல், 'இதுல செடிரிசினா, குளோர்ஃபெனிரமினா, ஃபெக்ஸோஃபெனடினா எது இருக்கு? போட்டுட்டு வண்டி ஓட்டலாமா?' என்று கேளுங்கள்.