தொகையீட்டுச் சுற்றும் வெளியீட்டு நகர்வும்

செயல்பாட்டுப் பெருக்கியின் (ஆப்-ஆம்ப்) எதிர் உள்ளீட்டுக்கு ஒரு மின்தடை வழியே சைகையைக் கொடுத்து, வெளியீட்டிலிருந்து அதே முனைக்கு ஒரு மின்தேக்கியைப் பின்னூட்டமாக இணைத்தால் தொகையீட்டுச் சுற்று கிடைக்கும். பின்னூட்டம் எதிர் உள்ளீட்டைப் பூச்சிய வோல்ட்டுக்கு அருகிலேயே நிறுத்தி வைக்கிறது. அதனால் மின்தடை வழியே வரும் மின்னோட்டம் முழுவதும் மின்தேக்கியில் சேர்கிறது. வெளியீடு, குறி மாறிய நிலையில், உள்ளீட்டின் தொகையீடாகிறது. மின்தடையையும் மின்தேக்கியையும் இடம் மாற்றினால் அது வகையீட்டுச் சுற்று.

இச்சுற்றுகளின் பிறப்பிடம் அனலாக் கணினி. வெற்றிடக் குழல்களால் ஆன கூட்டல் பெருக்கிக்கு பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த கார்ல் சுவார்ட்சல் 1941-இல் காப்புரிமை கோரினார். ஜான் ரகசினியும் உடன் ஆய்வாளர்கள் இருவரும் 1947-இல் வெளியிட்ட கட்டுரை, இத்தகைய பெருக்கிகளைக் கொண்டு இயக்கவியல் சமன்பாடுகளுக்குத் தீர்வு காணும் முறையை விளக்கியது. ‘செயல்பாட்டுப் பெருக்கி’ என்ற பெயரும் அக்கட்டுரையில்தான் வந்தது.

அனலாக் கணினியில் வேலை செய்தவர்கள் வகையீட்டுச் சுற்றைக் கூடியவரை தவிர்த்தார்கள். அதிர்வெண் பத்து மடங்கானால் அதன் பெருக்கமும் பத்து மடங்காகும். உள்ளீட்டில் கண்ணுக்குத் தெரியாத இரைச்சல் வெளியீட்டில் சைகையையே மூடிவிடும். பெருக்கியின் சொந்தக் கட்டப் பின்னடைவும் சேரும்போது சுற்று தானே அலைவுறத் தொடங்கும். உள்ளீட்டு மின்தேக்கியுடன் தொடராக ஒரு சிறு மின்தடை சேர்ப்பது இதற்கு மருந்து. ஆனால் அவர்கள் இன்னும் நல்ல வழியைத் தேர்ந்தார்கள். சமன்பாட்டின் மிக உயர்ந்த வகைக்கெழுவை ஒரு பக்கம் தனியே நிறுத்தி, அதை அடுத்தடுத்துத் தொகையிட்டே மற்றவற்றைப் பெற்றார்கள்.

தொகையீட்டுக்கு வேறொரு தொல்லை உண்டு. எந்தப் பெருக்கியிலும் உள்ளீட்டு முனைகளுக்கு இடையே சில மில்லிவோல்ட் பிறழ்வு இருக்கும். சுற்றால் அதைச் சைகையிலிருந்து பிரித்தறிய முடியாது; அதையும் சேர்த்தே தொகையிடும். உள்ளீடே இல்லாதபோதும் வெளியீடு ஒரு திசையில் ஏறிக்கொண்டே போகும். இதுவே நகர்வு. ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் எட்வின் கோல்ட்பர்க் 1949-இல் வகுத்த முறை இதைப் பெரிதும் குறைத்தது. அவர் அதிரும் தொடுமுனை ஒன்றால் பிறழ்வை மாறுமின்னழுத்தமாக வெட்டிப் பெருக்கி, மீண்டும் நேர்மின்னழுத்தமாக்கி, பிழையை ஈடுசெய்யும்படி பெருக்கிக்கே திருப்பினார். ஒவ்வொரு கணக்குக்கும் முன்னால் மின்தேக்கியின் மின்னழுத்தத்தைத் தொடக்க மதிப்புக்குக் கொண்டுவர ரிலேயும் இருந்தது. கணக்கு ஓடும் சிறிது நேரத்துக்கு நகர்வு அடங்கியிருந்தால் போதும். ஆகவே மின்தேக்கிக்கு இணையாக அங்கே மின்தடை தேவைப்படவில்லை. சேர்த்தால் விடைதான் கெடும்.

1960-களில் பெருக்கி ஒரே சிலிக்கான் சில்லுக்குள் வந்து மலிவானது. 1968-இல் வெளியான 741 பல்கலைக்கழக ஆய்வகங்கள் வரை பரவியது. தொகையீட்டுச் சுற்று இப்போது ரிலே இல்லாமல் நாள் முழுதும் இயங்க வேண்டியிருந்தது. இங்கேதான் இணை மின்தடை இன்றியமையாததாகிறது.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். உள்ளீட்டு மின்தடை 10 கிலோ ஓம், மின்தேக்கி 0.1 மைக்ரோ ஃபாரட். பெருக்கற்பலன் 1 மில்லி வினாடி. 741-இன் பிறழ்வு 2 மில்லிவோல்ட் என்றால் நகர்வு வேகம் 2 mV ÷ 1 ms, அதாவது வினாடிக்கு 2 வோல்ட். சார்பு மின்னோட்டம் 80 நானோ ஆம்பியர் என்றால் மின்தேக்கியில் அது வினாடிக்கு 0.8 வோல்ட். இரண்டும் ஒரே திசையில் சேர்ந்தால், ±15 வோல்ட் வழங்கலில் ஐந்து வினாடிக்குள் வெளியீடு 13, 14 வோல்ட்டில் முட்டி நின்றுவிடும். சதுர அலை கொடுத்து முக்கோண அலையை எதிர்பார்க்கும் மாணவர் அலைகாட்டியில் காண்பது விளிம்பில் நிற்கும் ஒரு நேர்கோடு. பெருக்கி கெட்டுவிட்டதாகச் சந்தேகித்து அதை மாற்றுவது வீண்வேலை. உள்ளீட்டைத் தரையோடு இணைத்து, மின்தேக்கியின் இரு முனைகளையும் ஒரு கணம் இணைத்து விட்டால் வெளியீடு பூச்சியத்துக்கு வந்து மறுபடி ஏறத் தொடங்கும். நோய் நகர்வுதான் என்பது உறுதியாகும்.

மின்தேக்கிக்கு இணையாக 1 மெகா ஓம் சேர்த்தால், மாறாத மின்னழுத்தத்துக்கும் ஒரு பின்னூட்டப் பாதை கிடைக்கிறது. அதற்கான பெருக்கம் 100-க்குள் அடங்குகிறது. பிறழ்வு சுமார் 0.2 வோல்ட்டாகவும், சார்பு மின்னோட்டத்தின் பங்கு 0.08 வோல்ட்டாகவும் நின்றுவிடும். 1 கிலோ ஹெர்ட்ஸில் ±1 வோல்ட் சதுர அலை தந்தால், உச்சிக்கு உச்சி 0.5 வோல்ட் முக்கோண அலை அசையாமல் தெரியும்.

இதற்கு விலை உண்டு. மின்தேக்கி தான் சேர்த்ததை 0.1 வினாடி நேர மாறிலியுடன் மறந்துகொண்டே இருக்கும். 1.6 ஹெர்ட்ஸுக்குக் கீழே இது தொகையீட்டுச் சுற்றே அல்ல, சாதாரணப் பெருக்கி. அதன் பத்து மடங்கான 16 ஹெர்ட்ஸில்கூடக் கட்டத்தில் ஏறத்தாழ 6 பாகை பிழை இருக்கும். இணை மின்தடையைப் பெரிதாக்கினால் இந்த எல்லை கீழே இறங்கும், நிலையான பிறழ்வு மேலே ஏறும். இரண்டையும் ஒருசேரக் குறைக்க, பிறழ்வும் சார்பு மின்னோட்டமும் குறைந்த பெருக்கிதான் வேண்டும்.

எல்லாச் சுற்றுக்கும் இம்மின்தடை தேவை என்றும் சொல்லிவிடக் கூடாது. இரு சரிவு முறை வோல்ட்மீட்டர் ஒவ்வோர் அளவீட்டுக்கும் மின்தேக்கியைப் புதிதாகத் தொடங்க வைக்கிறது. கெர்வின், ஹியூல்ஸ்மன், நியூகாம்ப் மூவரும் 1967-இல் தந்த வடிகட்டியில் இரண்டு தொகையீட்டுச் சுற்றுகள் ஒரு பெரிய பின்னூட்ட வளையத்துக்குள் அமைகின்றன. வெளியீடு நகர முயன்றால் அந்த வளையமே அதைத் திருத்திவிடுவதால், அங்கே மின்தேக்கி தனியாகவே நிற்கிறது.