ஆறு பேரும் ஒரு நகரமும்: முதல் நான்கு கலீஃபாக்களின் ஆட்சியில் ஆலோசனையும் நியமனமும்

மட்டாஞ்சேரியில் சில தெருக்களின் இடைவெளியிலேயே மாப்பிள்ளைமார், கச்சி மேமன்கள், தாவூதி போராக்கள் ஆகியோரின் பள்ளிவாசல்களைக் காணலாம். முதல் இரு சாராரும் ஸுன்னிகள். முன்னவர் ஷாஃபி வழியினர், பின்னவர் ஹனஃபி வழியினர். வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவில் அபூபக்ர், உமர், உஸ்மான், அலீ என்னும் நால்வரையும் வரிசையாகப் பெயர் சொல்லி வாழ்த்துவது ஸுன்னி மரபு. போராக்களோ ஷியாக்கள், நபிகள் நாயகத்திற்குப் பின் தலைமை அலீக்கே உரியது என்பது அவர்களது நிலைப்பாடு. அண்டை வீட்டாரிடையே இன்றும் நிலவும் இவ்வேறுபாட்டின் வேர், 632-ஆம் ஆண்டு மதீனாவில் எழுந்து விடை காணப்படாமல் நின்ற ஒரு நடைமுறைக் கேள்வியில் உள்ளது. தலைவரை யார் தேர்ந்தெடுப்பது? அத்தலைவர் நியமிக்கும் அதிகாரியை யார் நீக்குவது?

இக்கேள்வியின் முதற்பாதி பெரிதும் பேசப்படுவது. இரண்டாம் பாதி அவ்வளவாகப் பேசப்படாதது. ஆனால் நால்வரின் ஆட்சிமுறையைப் புரிந்துகொள்ளப் பின்னதே கூடுதலாக உதவுகிறது. ஈராக்கில் 638-ஐ ஒட்டிப் படைவீரர் குடியிருப்பாக நிறுவப்பட்ட கூஃபா நகரின் ஆளுநர் பதவி அதற்குத் தக்க சான்று.

முதலில் மதீனா. நபிகள் நாயகம் மறைந்த அன்றே அன்சாரிகள், அதாவது மதீனாவின் பழங்குடிகள், பனூ ஸாயிதாவின் கூரைப்பந்தலில் கூடி ஸஅத் இப்னு உபாதாவைத் தலைவராக்க முனைந்தனர். செய்தியறிந்து அபூபக்ர், உமர், அபூ உபைதா மூவரும் விரைந்தனர். எங்களில் ஒருவர், உங்களில் ஒருவர் என இரட்டைத் தலைமை வேண்டுமென்ற கருத்தும் அங்கே எழுந்தது. விவாதம் முற்றிய நிலையில் உமர் அபூபக்ரின் கையைப் பற்றி உறுதிமொழி அளிக்க, மற்றவர் பின்தொடர்ந்தனர். நல்லடக்கப் பணிகளில் இருந்த அலீ அக்கூட்டத்தில் இல்லை. பிற்காலத்தில் உமரே அந்நிகழ்வைத் திடீரென நடந்துவிட்ட ஒன்று என்றும், அதன் தீங்கிலிருந்து இறைவன் காத்தான் என்றும் கூறி, ஆலோசனையின்றி இனி எவருக்கும் உறுதிமொழி அளிக்கலாகாது என எச்சரித்ததாகப் புகாரீயின் தொகுப்பு பதிவுசெய்கிறது. தம் பங்கில் நடந்த தேர்வையே முன்மாதிரியாக ஏற்காத இவ்வெளிப்படைத்தன்மை கவனிக்கத்தக்கது.

அபூபக்ர் 634-இல் வேறு வழியை மேற்கொண்டார். நோய்ப்படுக்கையில் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப், உஸ்மான் முதலியோரைத் தனித்தனியே அழைத்துக் கருத்துக் கேட்டார். உமர் கடுமையானவர் என்ற தயக்கம் வெளிப்பட்டது. அதைக் கேட்ட பின்னரும் உமரையே எழுத்து மூலம் நியமித்தார். ஆலோசனை அங்கே முடிவைக் கட்டுப்படுத்தவில்லை. முடிவுக்கு முன் எதிர்ப்பின் அளவை அறியும் வழியாக இருந்தது. நால்வர் காலம் முழுவதும் ‘ஷூரா’ என்னும் சொல் பெரும்பாலும் இப்பொருளிலேயே இயங்கிற்று. இன்றைய வாக்கெடுப்பை அதன்மேல் ஏற்றிப் படிப்பது பிழையாகும்.

உமர் இம்முறையை விரிவுபடுத்தினார். சிரியாவில் கொள்ளைநோய் பரவிய செய்தி ஸர்ஃக் என்னுமிடத்தில் அவரை எட்டியபோது, முதலில் முஹாஜிர்களையும் அடுத்து அன்சாரிகளையும் அழைத்துக் கேட்டார். இரு குழுவும் இரண்டுபட்டன. பிறகு மக்கா வெற்றியை ஒட்டி வந்த குறைஷி முதியோரைக் கேட்டார், அவர்கள் ஒருமித்துத் திரும்பிவிடச் சொன்னார்கள், திரும்பினார். இறைவிதியிலிருந்து ஓடுகிறீரா என்று அபூ உபைதா முகத்துக்கு நேரே கேட்டார். ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்கிறோம் என உமர் விடையளித்தார். மூத்தோர் குழுவே பிளவுண்டால் அடுத்த குழுவை நாடுவது, கருத்து ஒருமிக்கும் இடத்தில் முடிவெடுப்பது என்ற படிமுறை இங்கே தெளிவாகத் தெரிகிறது. எனினும் எக்குழுவை எப்போது அழைப்பது என்பது கலீஃபாவின் விருப்பமே.

இனி கூஃபா. அதன் முதல் ஆளுநர் ஸஅத் இப்னு அபீ வக்காஸ், காதிஸிய்யாப் போரின் தளபதி. அவர் தம் மாளிகைக்கு வாயிற்கதவு அமைத்து மக்களைத் தடுக்கிறார் என்ற செய்தி மதீனாவை எட்டியதும், முஹம்மத் இப்னு மஸ்லமாவை அனுப்பி அக்கதவை எரிக்கச் செய்தார் உமர். பின்னர் அவர் தொழுகை நடத்தும் முறையே சரியில்லை என்று கூஃபாவினர் முறையிட்டனர். உமர் முதலில் ஸஅத்திடமே விளக்கம் கேட்டார். அவர் அளித்த விடையில் நிறைவும் கொண்டார். அத்துடன் விடவில்லை. ஆளனுப்பிக் கூஃபாவின் பள்ளிவாசல்தோறும் விசாரிக்கச் செய்தார். எல்லா இடத்தும் ஸஅத்தைப் புகழ்ந்தனர். பனூ அப்ஸ் பள்ளிவாசலில் ஒருவர் மட்டும் எழுந்து, அவர் படையுடன் செல்வதில்லை, சமமாகப் பங்கிடுவதில்லை, நீதி வழங்குவதில்லை என்றார். நீக்கம் நிகழ்ந்தது, விசாரணையின் முடிவு ஸஅத்துக்குச் சாதகமாக இருந்தும்.

உமரின் தர்க்கத்தை அவருடைய இறுதி ஆணை விளக்குகிறது: ஸஅத்தைத் திறமைக்குறைவாலோ நம்பிக்கைத் துரோகத்தாலோ நீக்கவில்லை என்று அதில் கூறினார். ஆளுநரின் குற்றம் மெய்ப்பிக்கப்படுவதை விட, ஆளப்படுவோர் அவருடன் இணங்கியிருப்பதே அவருக்கு முக்கியமாக இருந்தது. நீக்கம் அங்கே தண்டனையன்று, நிருவாக ஏற்பாடு. இதன் மறுபக்கமும் உண்டு. முறையிட்டால் ஆளுநர் மாறுவார் என்ற பாடத்தைக் கூஃபா மிக விரைவில் கற்றுக்கொண்டது.

அடுத்த நியமனம் இன்னும் சுவையானது. உமர் இம்முறை அதிகாரத்தை மூவரிடம் பகுத்தார். தொழுகையும் படையும் அம்மார் இப்னு யாஸிரிடம்; நீதியும் கருவூலமும் அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊதிடம்; நில அளவை உஸ்மான் இப்னு ஹுனைஃபிடம். மூவருக்கும் சேர்த்து நாளொன்றுக்கு ஓர் ஆடு படியாக விதிக்கப்பட்டது: பாதி அம்மாருக்கு, கால் பங்கு மற்ற இருவருக்கும். நாளும் ஓர் ஆடு எடுக்கப்படும் நிலம் விரைவில் பாழாகும் என்று உமரே கவலைப்பட்டதாக அபூ யூஸுஃபின் ‘கிதாபுல் கராஜ்’ கூறுகிறது. அம்மார் ஆழ்ந்த பக்தர். ஆனால் அரசியல் அறியாதவர் என்று கூஃபா மீண்டும் முறையிட, அவரும் நீக்கப்பட்டார். வருத்தமா என்று உமர் கேட்டதற்கு, நியமித்தபோது மகிழவில்லை, நீக்கியபோது வருந்தினேன் என்றாராம். அடுத்து முகீரா இப்னு ஷுஅபா வந்தார். பக்தியில் அம்மாரைப் போன்றவரல்லர், ஆளத் தெரிந்தவர்.

644-இல் உமர் கத்திக்குத்துக்கு ஆளானபோது அபூபக்ரின் வழியில் ஒருவரைப் பெயர் குறிக்கவில்லை. அலீ, உஸ்மான், தல்ஹா, ஸுபைர், ஸஅத், அப்துர் ரஹ்மான் என அறுவரைக் குறித்து, தமக்குள் ஒருவரை மூன்று நாளில் தேர்ந்துகொள்ளப் பணித்தார். நீக்கப்பட்ட ஆளுநரான ஸஅத் இதில் இடம்பெற்றதைக் கவனிக்க. தம் மகன் அப்துல்லாஹ் உடனிருக்கலாம், தேர்வுக்கு உரியவரல்லர் என்றார். அன்சாரிகள் எவரும் அறுவரில் இல்லை. அபூ தல்ஹா என்னும் அன்சாரியிடம் காவற்பணியே தரப்பட்டது.

அறுவரில் மூவர் தத்தம் உரிமையை மற்ற மூவருக்கு விட்டனர்: ஸுபைர் அலீக்கும், தல்ஹா உஸ்மானுக்கும், ஸஅத் அப்துர் ரஹ்மானுக்கும். அப்துர் ரஹ்மான் தாமும் போட்டியிலிருந்து விலகி நடுவரானார். இரவுகளில் பலரையும் சந்தித்துக் கேட்ட பின், இறைவேதம், நபிவழி, முன்னிருவரின் நடைமுறை ஆகியவற்றைப் பின்பற்றுவீரா என்று இருவரிடமும் வினவினார். மூன்றாம் நிபந்தனைக்கு அலீ தம் அறிவுக்கும் ஆற்றலுக்கும் இயன்றவரை என்றார். உஸ்மான் தயங்காது இசைந்தார். உஸ்மான் கலீஃபாவானார். இவ்விவரங்களில் பல, நிகழ்வுக்கு இரண்டரை நூற்றாண்டுக்குப் பின் எழுதிய தபரீ முதலியோர் வழியே வருவன. கட்சி சார்ந்த அறிவிப்பாளர் கைகள் அவற்றில் படிந்துள்ளன என்பதை மறவாமல் வாசிக்க வேண்டும்.

உஸ்மான், உமரின் பரிந்துரைப்படி ஸஅத்தை மீண்டும் கூஃபாவுக்கு அனுப்பினார். ஸஅத் கருவூலத்திலிருந்து கடன் பெற, கருவூலக் காவலரான இப்னு மஸ்ஊத் திருப்பிக் கேட்டார்; பூசல் மூண்டது. உமர் செய்த பகுப்பு தன் வேலையைச் செய்தது என்றே இதனைக் கொள்ள வேண்டும். உஸ்மான் ஸஅத்தை நீக்கித் தம் தாய்வழிச் சகோதரர் வலீத் இப்னு உக்பாவை நியமித்தார். வலீத் மது அருந்தியதாகச் சாட்சி எழவே, கசையடி நிறைவேற்றப்பட்டு அவரும் நீக்கப்பட்டார். அடுத்து வந்த ஸயீத் இப்னுல் ஆஸும் அதே உமய்யா குலத்தவர். முறையீட்டைக் கேட்பதும் குற்றம் மெய்யானால் தண்டிப்பதும் உஸ்மான் காலத்தில் நின்றுவிடவில்லை. மாறியது வேறொன்று: நீக்கப்பட்டவர் இடத்திற்கு வருபவர் எவ்வட்டத்திலிருந்து வருகிறார் என்பது.

ஆலோசனை வட்டமும் அவ்வாறே சுருங்கிற்று. எதிர்ப்பு வலுத்த வேளையில் அவர் கலந்து பேச அழைத்தவர்களுள் முஆவியா, அப்துல்லாஹ் இப்னு ஆமிர், ஸயீத் முதலிய ஆளுநர்கள் முதன்மை பெற்றனர். எவர்மேல் புகாரோ அவரிடமே புகாருக்குத் தீர்வு கேட்கப்பட்டது. 655-இல் மதீனாவிலிருந்து திரும்பிய ஸயீதை மாலிக் அல்அஷ்தர் தலைமையில் கூஃபாவினர் வழியிலேயே மறித்துத் திருப்பியனுப்பி, அபூ மூஸா அல்அஷ்அரீயை ஆளுநராகக் கோரினர். உஸ்மான் இணங்கினார். முன்பு முறையீடாகச் சென்றது இப்போது ஆயுதம் தாங்கிய கட்டளையாகிவிட்டது. அடுத்த ஆண்டே மாகாணங்களிலிருந்து வந்தோர் மதீனாவில் அவர் வீட்டை முற்றுகையிட்டுக் கொன்றனர்.

அலீ பொறுப்பேற்றபோது, தம் உறுதிமொழி மறைவாக அன்றிப் பள்ளிவாசலில் வெளிப்படையாகவே நடைபெற வேண்டுமென்றார். ஆனால் அப்போது மதீனாவின் இசைவு மட்டும் போதுமானதாக இல்லை. கூஃபாவுக்கு அவர் அனுப்பிய புதிய ஆளுநர் வழியிலேயே திருப்பப்பட்டார். அபூ மூஸாவே நீடித்தார். ஒட்டகப் போருக்கு ஆள்திரட்டுவதை அபூ மூஸா தடுத்தபோதுதான் அலீ அவரை நீக்க முடிந்தது. சிரியாவில் உமர் காலத்திலிருந்தே ஆளுநராக இருந்த முஆவியாவோ நீக்க ஆணையை ஏற்கவே இல்லை. உமர் ஒரு கடிதத்தால் செய்ததை அலீ ஒரு படையால் செய்ய வேண்டியிருந்தது. 657-இல் ஸிஃப்ஃபீன் போர் நடுவர் தீர்ப்புக்கு வந்தபோது, அலீயின் தரப்பு நடுவராகக் கூஃபாவினர் வற்புறுத்தி நிறுத்தியவர், அவர் நீக்கிய அதே அபூ மூஸா.

661-இல் கூஃபாவின் பள்ளிவாசலில் அலீ வெட்டுண்டு படுத்திருந்தபோது, அவர் மகன் ஹஸனுக்கு உறுதிமொழி அளிக்கலாமா என்று மக்கள் கேட்டனர். நான் கட்டளையிடவும் மாட்டேன், தடுக்கவும் மாட்டேன் என்பது அவர் அளித்த விடையாகத் தபரீயில் உள்ளது. ஷியா மரபோ, ஹஸனைத் தந்தையே நியமித்தார் என்று கொள்கிறது.