கை தூக்கினால் தெரிவது

1915ஆம் ஆண்டு கில்லெட் நிறுவனம் பெண்களுக்கென்று முதல் சவரக்கத்தியை விற்பனைக்கு விட்டது. ‘மிலேடி டெகோல்டே’ என்று அதற்குப் பெயர். அந்த விளம்பரங்களில் ‘சவரம்’ என்ற சொல்லை வராமல் பார்த்துக்கொண்டார்கள். சவரம் ஆண்களின் காரியம், அதைப் பெண்ணிடம் சொல்வது அநாகரிகம். ஆகவே ‘வழுவழுப்பாக்குதல்’ என்று சொன்னார்கள். அதே ஆண்டு ‘ஹார்ப்பர்ஸ் பஜார்’ இதழில், கையில்லாத மெல்லிய உடுப்பில் கையைத் தூக்கி நிற்கும் பெண்ணின் படத்தோடு முடி நீக்கும் பொடிக்கு விளம்பரம் வந்தது. அதுவரை அமெரிக்கப் பெண்களில் பெரும்பாலோர் அக்குள் முடியைப் பற்றி யோசித்ததே இல்லை. உடுப்பின் கை சுருங்கியதும் அக்குள் வெளியே வந்தது. அது வெளியே வந்ததும் விற்பதற்கு ஒரு வெட்கம் கிடைத்தது. இந்த விளம்பரங்களை ஆராய்ந்து 1982இல் கட்டுரை எழுதிய கிறிஸ்டின் ஹோப், இந்தக் காலகட்டத்தை ‘மாபெரும் அக்குள் பிரச்சாரம்’ என்றே அழைத்தார்.

நம் வீடுகளிலும் இந்தச் சொல் தயக்கம் உண்டு. ‘சவரம்’ அப்பாவுக்கு. பெண்கள் ‘கக்கத்துல எடுக்கணும்’ என்பார்கள். எதை எடுப்பது என்று சொல்வதில்லை. ரப்பர் மரம் சீவிய என் பாட்டி கொசுக்கடிக்குப் பயந்து முழுக்கைச் சட்டை போட்டவர். அவருக்கு இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. பக்கத்து கம்பத்து மலாய்ப் பெண்களின் கதை வேறு. இஸ்லாமிய மரபில் அக்குள் முடியை நீக்குவது ஆண், பெண் இருவருக்குமான தூய்மை வழக்கங்களில் ஒன்று. நாற்பது நாளுக்கு மேல் விடக்கூடாது என்பது கணக்கு. அந்த வழக்கத்துக்கும் யார் கண்ணில் படுகிறது என்பதற்கும் தொடர்பில்லை. 1915இல் தொடங்கியது முழுக்க முழுக்கப் பார்வை சம்பந்தப்பட்டது.

பார்வைக்காகச் செய்ததற்கு உடம்பு விலை கொடுத்தது. 1930களின் தொடக்கத்தில் ‘கோரெம்லு’ என்ற முடி நீக்கும் களிம்பு அமெரிக்காவில் விற்றது. அதிலிருந்தது தாலியம் அசிடேட், அந்நாளில் எலி மருந்தில் சேர்த்த நஞ்சு. அது தோல் வழியாக உள்ளே போய் தலைமுடியைக் கொட்ட வைத்தது. சிலருக்குக் கால்கள் முடங்கின, பார்வை கெட்டது. 1906ஆம் ஆண்டுச் சட்டத்தில் அழகுப் பொருள்களுக்கு இடமே இல்லாததால் அரசால் அதைத் தடுக்க முடியவில்லை. இத்தகைய பொருள்களை அதிகாரிகள் ஒரு கண்காட்சியாக வைத்துக் காட்டினார்கள். பத்திரிகைகள் அதை ‘பயங்கர அறை’ என்றன. 1938இல் வந்த புதிய சட்டத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

இன்றைய களிம்புகளில் தாலியம் இல்லை. பெரும்பாலும் தையோகிளைகோலேட் என்ற உப்பு இருக்கிறது. முடியைக் கெட்டியாக வைத்திருக்கும் கெரட்டின் புரதத்தின் கட்டுகளை அது அறுக்கிறது. தோலின் மேல்படலமும் கெரட்டின்தான் என்பதே இதிலுள்ள சிக்கல். பெட்டியில் போட்டிருக்கும் நிமிடத்துக்கு மேல் விட்டால் அது முடியோடு தோலையும் தின்னத் தொடங்கும்.

இங்குதான் நம் நிறம் வருகிறது. கத்தி உரசினாலும் களிம்பு எரித்தாலும் மெழுகு பிய்த்தாலும் தோலில் அழற்சி உண்டாகும். வெள்ளைத் தோலில் அது சிவந்து, சில நாளில் மறையும். நம் தோலில் அந்த அழற்சி நிறமி செல்களைத் தூண்டிவிடுகிறது. சிவப்பு போன பிறகும் கறுப்பு மாதக்கணக்கில் நிற்கிறது. 1915இன் விளம்பரத்தில் கை தூக்கி நின்றவள் வெள்ளைக்காரி. கத்தி விற்றவர்கள் இந்தக் கறுப்பை நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள். பின்னால் வந்தவர்கள் நினைத்தார்கள்: முடியை எடுக்க ஒரு பொருள், எடுத்ததால் வந்த கறுப்பை வெளுக்க இன்னொரு பொருள்.

என் அக்கா மகளுக்குப் பத்தொன்பது வயது. “சின்னம்மா, எவ்ளோ தேய்ச்சாலும் அழுக்கு போவ மாட்டேங்குது” என்றாள். என்ன செய்கிறாள் என்று விசாரித்தேன். தினமும் காலையில் தண்ணீர் படாத தோலில், மேலும் கீழுமாகக் கத்தியை இழுக்கிறாள். ஒரே பிளேடு இரண்டு மாதமாக ஓடுகிறது. எடுத்த கையோடு வாசனை ஸ்ப்ரே. இரவில் எலுமிச்சையும் சீனியும் போட்டுத் தேய்ப்பு. அழுக்கு அங்கே இல்லை. காலையில் உண்டாக்கிய புண்ணை இரவில் புளிப்பால் எரித்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரம் கத்தியைத் தொடாமல் இருக்கச் சொன்னேன். தேவைப்பட்டால் கத்தரியால் நுனியை மட்டும் குறைத்துக்கொள்ளலாம். எலுமிச்சை, சீனி, ஸ்ப்ரே மூன்றும் நின்றன. இரவில் வாசனையில்லாத வாஸ்லின் மெல்லிசாக. எரிச்சலும் பொரிப்பொரியான கொப்புளமும் அடங்கிய பிறகு வாரத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டாள். அதுவும் இரவில், வெந்நீரில் குளித்த பிறகு, நுரை போட்டு, அழுத்தாமல். அக்குளில் முடி ஒரே பக்கம் படுத்திருப்பதில்லை; மேல் பாதி ஒரு திசை, கீழ் பாதி வேறு திசை. கையால் தடவிப் பார்த்து, அந்தந்த இடத்தில் முடி போகும் போக்கிலேயே எடுக்க வேண்டும். எதிர்ப்போக்கில் ஒட்ட எடுத்தால் சுருள் முடி தோலுக்குள்ளேயே வளைந்து குத்திக்கொள்ளும். கொப்புளம் வருவது அதனால்தான். ஸ்ப்ரே மறுநாள் காலைதான்.

“இப்படி எடுத்தா ரெண்டே நாள்ல குத்துது, இன்னும் தடிப்பா வேற மொளைக்குது” என்று புகார் சொன்னாள். குத்துவது உண்மை. தடிப்பது உண்மையல்ல. கத்தி முடியைக் குறுக்கே வெட்டுவதால் கூரான நுனி போய் மொட்டை நுனி மிஞ்சுகிறது. விரலில் நெருடுவது அதுதான். சவரத்தால் முடி தடிப்பதில்லை என்பதை மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற அமெரிக்க உடற்கூற்றியலாளர் 1928இலேயே அளந்து காட்டிவிட்டார். தோலுக்கடியில் மிச்சமிருக்கும் முடிவேரும் நிழலாகத் தெரியும். அந்த நிழலை எந்த வெளுப்புக் களிம்பாலும் போக்க முடியாது.

நான்கு மாதத்தில் கறுப்பு பாதிக்குமேல் வெளிறியது. கையின் உள்பக்க நிறத்துக்கு வரவில்லை. வராது என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். மடிப்புள்ள இடம் இயல்பாகவே சற்றுக் கருத்திருக்கும். முழுக்க வெளுத்துக் காட்டுவேன் என்று பசார் மாலாமிலும் இணையத்திலும் விற்கும் பெயரில்லாத டப்பாக்களைத்தான் பயப்பட வேண்டும். பாதரசமும் ஹைட்ரோகுவினோனும் இருந்ததாக நம் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பப் பட்டியல் வெளியிடுகிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கோரெம்லு பெயரை மாற்றிக்கொண்டு வந்ததுபோல் இருக்கிறது.

ஒரு கறுப்பை மட்டும் கத்தியின் கணக்கில் எழுதக்கூடாது. தோல் தடித்து, வெல்வெட் துணிபோல் வரிவரியாக இருந்தால், அதே கறுப்பு பின்கழுத்திலும் இருந்தால், அது பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். கத்தியே படாத பிள்ளைகளுக்கும் அது வரும். நீரிழிவு அதிகமுள்ள நம் குடும்பங்களில் இதை ‘கழுத்தைச் சரியா கழுவல’ என்று சொல்லிப் பீர்க்கங்காய் நாரால் தேய்க்கும் அம்மாக்களைப் பார்க்கிறேன். நாரைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையைக் கிளினிக்குக்கு அழைத்துப்போய் இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.