லியாபுனோவின் கிண்ணம்

1788-ல் வெளியான லாக்ராஞ்சின் ‘பகுப்பாய்வு இயந்திரவியல்’ நூலில் ஒரு படம்கூடக் கிடையாது. முன்னுரையிலேயே அதைக் கொஞ்சம் பெருமையோடு சொல்லிவிடுகிறார். இயந்திரவியலை வெறும் இயற்கணித வேலையாக மாற்றிக் காட்டுவதுதான் அவர் நோக்கம். அந்த நூலில் ஒரு தேற்றம் வருகிறது: ஒரு பொருளின் நிலையாற்றல் எங்கே மிகக் குறைவாக இருக்கிறதோ, அங்கே அதன் சமநிலை உறுதியானது. லேசாகத் தட்டிவிட்டாலும் அது பக்கத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும், ஓடிப்போகாது. கிண்ணத்தின் அடியில் கிடக்கும் கோலிக்குண்டைப் பார்த்த எவருக்கும் இதில் சந்தேகம் வராது. ஆனால் லாக்ராஞ்ச் தந்த நிரூபணத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அதை அடைக்க 58 வருடம் ஆயிற்று. அடைத்த விதத்திலிருந்து ஒரு புதிய முறையே பிறந்தது.

லாக்ராஞ்ச் செய்தது இதுதான். நிலையாற்றலைச் சமநிலைப் புள்ளியைச் சுற்றி அடுக்குத் தொடராக விரித்தார். x², x³, x⁴ என்று உறுப்புகள் வரும். x மிகச் சிறியது என்பதால் x²-ஐ மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிட்டார். மிஞ்சியது ஒரு நேரியல் சமன்பாடு. அதன் தீர்வு ஊசலாட்டம், ஆகவே உறுதி. இப்படிச் சிறிய உறுப்புகளை வெட்டிவிட்டு நேரியலாக்கிப் பார்ப்பது பிறகு பொறியியலின் அன்றாடப் பழக்கமாகிவிட்டது. 1868-ல் மேக்ஸ்வெல், நீராவி எந்திரத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் கருவியை ஆராய்ந்ததும் இதே வழியில்தான். சமன்பாட்டை நேரியலாக்கு, அதன் மூலங்களைக் கண்டுபிடி, எல்லா மூலங்களின் மெய்ப்பகுதியும் எதிர்மறை என்றால் கருவி உறுதி.

சரி, மெய்ப்பகுதி பூஜ்யமாக வந்தால்?

இங்கேதான் சிக்கல். ஒரு கிண்ணத்தின் வடிவம் x² ஆக இல்லாமல் x⁴/4 ஆக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதுவும் கிண்ணம்தான், அடிமட்டம் மட்டும் ரொம்பத் தட்டை. பொருளின் நிறை 1, உராய்வு இல்லை என்றால், அதன் திசைவேகம் v மாறும் வீதம் −x³. இதை நேரியலாக்கினால் x³ போய்விடும், விசையே இல்லை என்று ஆகிவிடும். அதாவது நேரியல் கணக்கின்படி, லேசாகத் தட்டினால் பொருள் அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும், திரும்பாது. கிண்ணத்தைக் கவிழ்த்துவைத்து −x⁴/4 என்று எழுதினாலும் வருவது அச்சு அசலாக அதே நேரியல் சமன்பாடுதான். ஒன்று உறுதி, இன்னொன்று உருண்டு ஓடிவிடும். இரண்டுக்கும் ஒரே பதில் சொல்லும் கணக்கை எப்படி நம்புவது? தீர்ப்பு முழுக்க வெட்டியெறிந்த மீதியில்தான் இருக்கிறது.

1846-ல் டிரிஷ்லே சில பக்கங்களே கொண்ட ஒரு கட்டுரையில் இந்த ஓட்டையை அடைத்தார். தொடராக விரிக்கவே இல்லை என்பதுதான் அதன் விசேஷம். அவர் வாதத்தை நம் தட்டைக் கிண்ணத்திலேயே போட்டுப் பார்க்கலாம். மொத்த ஆற்றல் E = v²/2 + x⁴/4. உராய்வு இல்லாததால் இது மாறாது. பொருள் நடுவிலிருந்து 0.1 தூரத்தைத் தாண்டக்கூடாது என்பது நம் தேவை. x = 0.1 என்ற எல்லையைத் தொடவேண்டுமானால் பொருளிடம் குறைந்தது 0.1⁴/4, அதாவது 0.000025 ஆற்றல் இருந்தாகவேண்டும். அதைவிடக் குறைவான ஆற்றலோடு புறப்பட்டால் எல்லையை எட்டவே வழியில்லை, ஏனென்றால் ஆற்றல் கூடப்போவதில்லை. கையில் ஐந்து ரூபாயோடு கிளம்பியவன் வழியில் எதையும் சம்பாதிக்கவில்லை என்றால், பத்து ரூபாய் சுங்கம் கேட்கும் சாவடியைத் தாண்டமுடியாது, அவ்வளவுதான் வாதம். எந்தப் பாதையில் போனான், எவ்வளவு நேரமாயிற்று என்று எதுவும் தெரியவேண்டியதில்லை. சமன்பாட்டைத் தீர்க்கவே இல்லை.

எண்களைப் பொருத்திப் பார்த்தால் ஒரு விஷயம் கூடுதலாகத் தெரியும். நடுவிலிருந்து 0.007 வேகத்தில் தட்டினால் நேரியல் கணக்கு பதினான்கு நொடிகளில் 0.1-ஐத் தாண்டிவிடும் என்கிறது. உண்மையில் பொருள் 0.0995-ல் நின்று திரும்பிவிடும். ஆனால் வேகம் 0.00707-ஐத் தாண்டினால் இந்த உத்தரவாதம் கிடையாது. இதே இடத்தில் x²/2 என்ற சாதாரணக் கிண்ணம் இருந்தால் 0.1 வேகம் வரைக்கும் தாங்கும், கிட்டத்தட்ட பதினான்கு மடங்கு. தட்டைக் கிண்ணமும் உறுதியானதுதான், ஆனால் பிடி தளர்ந்த உறுதி. ஆற்றல் வாதம் ஆம், இல்லை என்று மட்டும் சொல்லாமல், எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுகிறது.

டிரிஷ்லே தொடரை விட்டார். அடுத்து வந்தவர் ஆற்றலையே விட்டார்.

அலெக்சாந்தர் லியாபுனோவ் 1857-ல் ரஷ்யாவின் யாரோஸ்லாவ்லில் பிறந்தவர், செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் செபிஷேவின் மாணவர். சுழலும் திரவக்கோளங்களின் வடிவம் பற்றிய ஒரு கணக்கை ஆசிரியர் கொடுக்க, அந்த வழியாக உறுதிநிலை என்ற கேள்விக்குள் வந்து சேர்ந்தார். 1885-ல் கார்கிவ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே எழுதிய முனைவர் பட்ட ஆய்வேடுதான் 1892-ல் அச்சான ‘இயக்க உறுதிநிலையின் பொதுப் பிரச்சினை’. அதில் அவர் முதலில் எடுத்துக்கொண்ட கேள்வி, மற்றவர்கள் கேட்காமலே விட்டது: நேரியலாக்கத்தை எப்போது நம்பலாம்? எல்லா மெய்ப்பகுதியும் எதிர்மறை என்றால் நம்பலாம், ஒன்றாவது நேர்மறை என்றால் உறுதியில்லை என்று நம்பலாம். பூஜ்யம் குறுக்கே வந்தால் நேரியலாக்கம் வாய் திறக்காது, மீதியைப் பார்த்தே ஆகவேண்டும். அந்தச் சிக்கலான வகைகளுக்கு ஆய்வேட்டில் ஒரு பெரும் பகுதியை ஒதுக்கினார்.

அதற்கு அவர் கையில் எடுத்த கருவி டிரிஷ்லேயின் வாதம்தான். அதில் ஆற்றல் என்ற இயற்பியல் பொருள் எங்கே தேவைப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். எங்குமே இல்லை. சமநிலையில் பூஜ்யம், சுற்றிலும் நேர்மறை, இயக்கத்தின்போது கூடாமல் இருப்பது, இந்த மூன்று குணம் போதும். அப்படி ஒரு V கிடைத்தால் சமநிலை உறுதி. V கண்டிப்பாகக் குறைந்துகொண்டே வந்தால் பொருள் சமநிலைக்கே திரும்பிவிடும். அந்த V ஆற்றலாக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை, நாமே இட்டுக்கட்டலாம்.

ஓர் உதாரணம்:

dx/dt = −y − x³
dy/dt = x − y³

நேரியலாக்கினால் மூலங்கள் +i, −i. மெய்ப்பகுதி பூஜ்யம். நேரியல் கணக்கு ‘வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்’ என்கிறது. இப்போது V = x² + y² என்று வைத்து, அது மாறும் வீதத்தைச் சமன்பாடுகளைக் கொண்டே கணக்கிடலாம்:

dV/dt = 2x(−y − x³) + 2y(x − y³) = −2(x⁴ + y⁴)

xy உறுப்புகள் ஒன்றையொன்று அடித்துவிட்டன. மிஞ்சியது நடுப்புள்ளியைத் தவிர எல்லா இடத்திலும் எதிர்மறை. ஆகவே எந்த வட்டத்தில் தொடங்கினாலும் உள்ளே சுருண்டு வந்து நடுவில் சேரும். x³, y³ இரண்டின் குறியையும் மாற்றி +x³, +y³ என்று எழுதினால் dV/dt நேர்மறையாகும், வெளியே சுருண்டு ஓடும். நேரியல் கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான்.

‘இதுக்கு ஏன் இவ்வளவு பாடு? கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடாதா?’ என்று கேட்கலாம். ஓட்டிப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். மேலே உள்ள சுருள் மிக மெதுவானது. ஒரு சுற்றுக்குச் சராசரி எடுத்தால் V குறையும் வீதம் 1.5V². அதன்படி ஆரம் 0.1-லிருந்து 0.01-க்கு வர 6,600 நொடி, அதாவது ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள் ஆகும். எல்லாரும் முதலில் எழுதும் ஆய்லர் முறையில், 0.01 நொடி அடியாக வைத்து ஓட்டினால் இன்னொரு தொல்லை. அந்த முறை ஒவ்வொரு அடியிலும் வட்டத்தின் தொடுகோட்டில் நேராகப் போவதால், சற்று வெளியே தள்ளிவிடும். நொடிக்கு 0.01V அளவுக்கு அது V-ஐக் கூட்டுகிறது. கூட்டலும் குறைதலும் V = 0.0067-ல் சமமாகிவிடும். திரையில் தெரிவது என்ன? ஆரம் சுமார் 0.08 உள்ள ஒரு வட்டத்தில் புள்ளி வந்து ஒட்டிக்கொண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். நிஜத்தில் அப்படி ஒரு வட்டமே கிடையாது. ஏமாறாமல் இருக்க வழி, அடியைப் பாதியாக்குவது. நிஜ வட்டமென்றால் அளவு மாறாது, போலி வட்டம் சுருங்கும். இல்லையென்றால் dV/dt-ஐ ஒருமுறை பேப்பரில் போட்டுப் பார்ப்பது.

இந்த முறைக்கும் எல்லைகள் உண்டு. தட்டைக் கிண்ணத்தில் உராய்வைச் சேர்த்து dv/dt = −v − x³ என்று எழுதினால், dE/dt = −v². பொருள் திரும்பும் நொடியில் v பூஜ்யம், ஆற்றல் குறைவதும் அந்த நொடியில் நின்றுவிடும். எனவே லியாபுனோவின் தேற்றம் ‘உறுதி’ வரைக்கும்தான் வரும், ‘நடுவுக்கே திரும்பும்’ என்று சொல்லாது. ஆனால் v பூஜ்யமான அந்த இடத்தில் x பூஜ்யம் இல்லையென்றால் −x³ பொருளை உடனே நகர்த்திவிடும், அங்கே தங்கமுடியாது. தங்கக்கூடிய ஒரே இடம் நடுப்புள்ளி, ஆகவே அங்கேதான் வந்து சேரும். இந்த வாதத்தை 1952-ல் பர்பாஷினும் கிராசோவ்ஸ்கியும், 1960-ல் லாசாலும் தேற்றமாக்கினார்கள்.

இன்னொரு எல்லையை யாரும் முழுசாகத் தாண்டவில்லை. நாம் எடுத்துப் பார்த்த V வேலைசெய்யவில்லை என்றால், சமநிலை உறுதியற்றது என்று அர்த்தமில்லை. தவறான V-ஐ எடுத்திருக்கிறோம், அவ்வளவுதான். சமநிலை திரும்பி வந்து சேரும் வகையைச் சேர்ந்ததென்றால் அதற்கேற்ற V நிச்சயம் இருக்கிறது என்று 1949-ல் மசெரா, விரிவான ஒரு வகைச் சமன்பாடுகளுக்கு நிரூபித்தார். ஆனால் அந்த நிரூபணம் V-ஐக் கட்டுவதற்கே சமன்பாட்டின் தீர்வுகளைப் பயன்படுத்துகிறது. தீர்வு தெரியாததால்தானே V-ஐத் தேடி வந்தோம்? இருக்கிறது என்று தெரியும், எங்கே என்று தெரியாது. அதனால்தான் இன்றும் பொறியாளர்கள் முதலில் ஆற்றலை எழுதிப் பார்க்கிறார்கள், அது பலிக்காவிட்டால் xy போன்ற ஓர் உறுப்பைச் சேர்த்து மறுபடியும் முயல்கிறார்கள்.