பெட்டி கேட்டதும் பார்க்காததும்

2025 ஜூலையில், அகமதாபாத் விபத்தின் முதற்கட்ட அறிக்கை வெளிவந்த இரவு, நண்பர்கள் நாலு பேர் மொட்டை மாடியில் உட்கார்ந்து தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தோம். ஒரு விமானி இன்னொருவரிடம் ஏன் எரிபொருளை நிறுத்தினாய் என்று கேட்கிறார். மற்றவர் நான் நிறுத்தவில்லை என்கிறார். குரல்பதிவிலிருந்து அறிக்கை தந்த உரையாடல் அவ்வளவுதான். யார் கேட்டது, யார் பதில் சொன்னது என்றுகூட அதில் இல்லை. ஆனால் எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. "அதான் குரலே இருக்கே, இதுக்கு மேல என்ன வேணும்?" என்று அன்று கேட்டவன் நான்தான்.

அந்தக் கேள்விக்கு விடை தேடப்போய், வேறொரு விபத்தின் அறிக்கையில் மாட்டிக்கொண்டேன். 2009 ஜூன் 1 அதிகாலை அட்லாண்டிக் கடலில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447. ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரீஸுக்குக் கிளம்பிய ஏர்பஸ் ஏ330. 228 பேர், யாரும் பிழைக்கவில்லை. அந்த விபத்து பற்றியும் என்னிடம் ஒரு தயார்த் தீர்ப்பு இருந்தது: இளம் துணை விமானி பதறிப்போய் மூக்கைத் தூக்கிக்கொண்டே இருந்தார், விமானம் விழுந்தது. இணையத்தில் படித்தது. தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் அது பாதிக் கதை. மீதிக் கதை எப்படிக் கிடைத்தது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

கறுப்புப் பெட்டி என்கிறோம். உண்மையில் ஆரஞ்சு நிறப் பெட்டிகள் இரண்டு. ஒன்று தரவுப்பதிவி. உயரம், வேகம், மூக்கின் கோணம், விமானி கைப்பிடியை எவ்வளவு இழுத்தார் என்பது போன்ற அளவுகளை இது எழுதிக்கொண்டே இருக்கும். இந்த விமானத்தில் அப்படி சுமார் 1300 அளவுகள். மற்றது குரல்பதிவி. விமானிகளின் மைக்குகளையும் அறைக்குள் கேட்கும் எல்லா ஓசைகளையும் கடைசி இரண்டு மணி நேரத்துக்குப் பதிந்துவைத்திருக்கும். குரலையும் பதிய வேண்டும் என்று 1950களில் வலியுறுத்தியவர் டேவிட் வாரன் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர். அவருடைய தந்தை 1934இல் பாஸ் நீரிணையில் காணாமல்போன விமானத்தில் இருந்தவர். வாரனின் கருவியை அவர் நாட்டிலேயே முதலில் யாரும் பெரிதாக வரவேற்கவில்லை.

447இன் பெட்டிகள் கிடைக்க ஏறக்குறைய இரண்டு வருடம் ஆனது. பெட்டியோடு சேர்ந்த ஒலிக்குறி கடலுக்கடியில் சுமார் 30 நாள் துடிக்கும். அந்த நாட்களில் தேடியவர்கள் காதில் எதுவும் விழவில்லை. அதுவரை கையில் இருந்தவை மிதந்து வந்த சிதைவுகளும், கடைசி நிமிடங்களில் விமானம் தானாகவே தரைக்கு அனுப்பிய 24 பராமரிப்புச் செய்திகளும் மட்டுமே. வேகமானிகளின் அளவுகள் ஒன்றோடொன்று முரண்பட்டன என்று அச்செய்திகளிலிருந்து ஊகிக்க முடிந்தது. மனிதர்கள் என்ன செய்தார்கள் என்று அவை சொல்லவில்லை. 2011 ஏப்ரலில் தானியங்கி நீர்மூழ்கிகள் 3900 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளைக் கண்டுபிடித்தன. மே 1 அன்று தரவுப்பதிவியின் நினைவகப் பகுதியும், மறுநாள் குரல்பதிவியும் கண்டெடுக்கப்பட்டன.

கடலிலிருந்து எடுத்த பதிவியை உடனே துடைத்துக் காயவைத்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். நேர்மாறு. காற்றுப்பட்டால் உப்பு அரிக்கத் தொடங்கிவிடும் என்பதால் அதைத் தண்ணீரில் மூழ்கவைத்தபடியேதான் ஆய்வகத்துக்குக் கொண்டுபோகிறார்கள். பாரீஸ் அருகே லெ பூர்ஜேயில் உள்ள பிரெஞ்சு விபத்துப் புலனாய்வு அமைப்பான பிஇஏவின் ஆய்வகத்தில் அட்டைகளைக் கழற்றிச் சுத்தம் செய்து, நிதானமாக உலர்த்தி, சுற்றுகள் சரியாக இருக்கின்றனவா என்று சோதித்த பிறகே மின்சாரம் கொடுத்தார்கள். அவசரப்பட்டு ஈரத்தோடு மின்சாரம் கொடுத்தால், கடல் அழிக்காததை நாம் அழித்துவிடுவோம். இரண்டு பெட்டிகளிலிருந்தும் தரவுகள் முழுதாகக் கிடைத்தன.

கிடைத்தது என்றால் படித்துவிடலாம் என்று அர்த்தமில்லை. தரவுப்பதிவிக்குள் இருப்பது வெறும் ஒன்றுகளும் பூஜ்ஜியங்களும். எந்த இடத்தில் இருக்கும் எண் உயரத்தைக் குறிக்கிறது, எதைப் பெருக்கினால் அடியாக மாறும் என்று சொல்லும் ஆவணம் ஒவ்வொரு விமானத்துக்கும் உண்டு. அந்த அகராதி இல்லாவிட்டால் எல்லாம் குப்பை. எல்லா அளவும் ஒரே வேகத்தில் பதியப்படுவதும் இல்லை. சில, நொடிக்குப் பல தடவை. சில, நொடிக்கு ஒருமுறை. சில, சில நொடிகளுக்கு ஒருமுறை. இரண்டு பதிவுகளுக்கு நடுவில் நடந்தது பெட்டிக்குத் தெரியாது.

அடுத்த சிக்கல், இரண்டு பெட்டிகளுக்கும் பொதுக் கடிகாரம் கிடையாது. ஒன்றில் எண்கள், மற்றதில் குரல்கள். இந்தச் சொல் எந்த எண்ணின்போது சொல்லப்பட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டிலும் தடம் விட்டுச்சென்ற நிகழ்வுகளைத் தேடுகிறார்கள். விமானி வானொலிப் பொத்தானை அழுத்தினால் தரவில் ஒரு குறி விழும். குரலில் பேச்சு கேட்கும். ஆட்டோபைலட் துண்டிக்கப்பட்டால் தரவில் அந்த நிலை மாறும். அறையில் எச்சரிக்கை மணி அடிக்கும். ஒரே ஒரு நிகழ்வை வைத்துப் பொருத்தினால் ஒரு நொடி முன்னே பின்னே போகலாம். பல நிகழ்வுகளைச் சேர்த்துவைத்தால் பிழை சுருங்கும். அந்த ஒரு நொடிக்கா இவ்வளவு பாடு என்று தோன்றலாம். ஒருவர் எச்சரிக்கையைக் கேட்ட பிறகு கைப்பிடியை இழுத்தாரா, இழுத்த பிறகுதான் எச்சரிக்கை வந்ததா என்பது அந்த ஒரு நொடியில்தான் இருக்கிறது.

இப்படி இணைத்துப் பார்த்தபோது வெளிவந்தது இது. பிரதான விமானி ஓய்வெடுக்கப் போயிருந்தார். 35,000 அடி உயரத்தில், மேகத்துக்குள் இருந்த பனிப்படிகங்கள், வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்களை அடைத்தன. 2 மணி 10 நிமிடம் 5 நொடிக்கு ஆட்டோபைலட் விலகியது. வலது இருக்கையில் இருந்தவர் விமானம் என் கையில் என்கிறார். தரவுப்பதிவியில் அவர் கைப்பிடி மூக்கை உயர்த்தும் பக்கம் இருக்கிறது. விமானம் சுமார் 38,000 அடி வரை ஏறியது. வேகம் இறங்கிக்கொண்டே வந்து, இறக்கைகள் தாங்கும் திறனை இழக்கும் நிலை உருவானது. அதைத்தான் ஸ்டால் என்கிறார்கள். எச்சரிக்கை விடாமல் 54 நொடிகள் ஒலித்தது. அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசியதாகக் குரல்பதிவில் இல்லை.

என் தயார்த் தீர்ப்பு இதுவரை செல்லுபடியாகிறது. இனிமேல்தான் ஆட்டம் கண்டது.

அழைப்பு மணி கேட்டு பிரதான விமானி உள்ளே வருகிறார். அடுத்த சில நொடிகளில் அந்த எச்சரிக்கை நின்றுவிடுகிறது. காப்பாற்றிவிட்டார்கள் என்பதால் அல்ல. விமானம் நிமிடத்துக்குப் பத்தாயிரம் அடி வீதம் விழுந்துகொண்டிருந்தது. காற்று மிகக் கீழிருந்து மோதியதால் வேகமானிகள் 60 நாட்டுக்கும் குறைவாகக் காட்டின. அவ்வளவு குறைந்த வேகத்தில் வரும் அளவுகளை நம்ப முடியாது என்று கருதி, கணினி ஸ்டால் எச்சரிக்கையை அணைத்துவிடும். அப்படித்தான் அது வடிவமைக்கப்பட்டிருந்தது. பிறகு விமானி மூக்கைக் கொஞ்சம் இறக்குகிறார். சரியான செயல். வேகம் கூடுகிறது, அளவுகள் மறுபடி செல்லுபடியாகின்றன, எச்சரிக்கை திரும்ப அலறுகிறது. அதாவது, தப்பைச் செய்தால் அமைதி. சரியானதைச் செய்தால் அலறல்.

இதை எந்த ஒரு பெட்டியும் தனியாகச் சொல்லியிருக்காது. குரலை மட்டும் கேட்டால், எச்சரிக்கை வந்து வந்து போகிறது. ஏன் என்று புரியாது. எண்களை மட்டும் பார்த்தால், கைப்பிடி முன்னும் பின்னும் போகிறது. அதைப் பிடித்திருந்தவர் காதில் அப்போது என்ன விழுந்தது என்று தெரியாது. கடைசி ஒரு நிமிடத்துக்குள், தான் வெகுநேரமாக மூக்கை முழுசாகத் தூக்கிப் பிடித்திருப்பதாக அவர் சொல்கிறார். வேண்டாம், ஏற்றாதே என்கிறார் பிரதான விமானி. அவர் பின்னால் இருந்தார்; வலது ஓரத்தில் இருக்கும் சின்னக் கைப்பிடியில் நடந்தது அவர் கண்ணுக்கு எளிதில் தெரியாது. இடது பக்கக் கைப்பிடியும் அதோடு சேர்ந்து அசையாது. 2 மணி 14 நிமிடம் 28 நொடிக்குப் பதிவு முடிகிறது.

இனி, பெட்டி பார்க்காதவை. இடது பக்கத் திரையின் வேகமும் மாற்றுக் கருவியின் வேகமும் பதிவில் இருந்தன. விமானத்தை ஓட்டியவர் உட்கார்ந்திருந்தது வலது பக்கம். அவர் திரையில் வந்த வேகம் பதியப்படவே இல்லை. விமானியை இப்படி ஓட்டு என்று வழிகாட்டும் கோடுகள் திரையில் உண்டு. அவை மறைந்து மறைந்து மறுபடி வந்தன என்பது தெரிந்தது. எந்த இடத்தில் நின்றன என்பது பதிவில் இல்லை. பிஇஏ அவற்றைக் கணக்கிட்டு மீட்டுருவாக்கியது. சில தருணங்களில் அந்தக் கோடுகள் மூக்கை உயர்த்தச் சொல்லியிருக்கும் என்று முடிவு வந்தது. அவர் அதைப் பார்த்தாரா, நம்பினாரா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் 2012 இறுதி அறிக்கை, வலது பக்க அளவுகளையும் அந்தக் கோடுகளையும் பதியச் சொன்னது; கருவிப் பலகையைப் படம்பிடிக்கும் பதிவியையும் கேட்டது.

அறிக்கையில் இன்னொன்றையும் கவனித்தேன். குரல்பதிவு முழுதாக அச்சிடப்படவில்லை. விபத்தைப் புரிந்துகொள்ளத் தேவையான பகுதிகள் மட்டும். சர்வதேச நடைமுறையும் அதுதான். ஏதோ மறைக்கிறார்கள் என்றே முன்பு நினைத்திருப்பேன். மொட்டை மாடியில் நாங்கள் இரண்டு வரியை வைத்துக்கொண்டு செய்ததை நினைத்தால், அந்த நடைமுறையின் நியாயம் புரிகிறது.

போன வாரம் அதே நண்பன் கேட்டான்: "சரி, 447ல யார் மேலதாண்டா தப்பு?" கைப்பிடியை இழுத்தது அவர்தான் என்றேன். அப்புறம் அந்த 54 நொடிகளைப் பற்றியும், அதற்குப் பிறகு வந்த அமைதியைப் பற்றியும் சொல்ல ஆரம்பித்தேன். டீ ஆறிப்போகும்வரை சொன்னேன். கடைசியில் அவன் கேட்டது ஒன்றுதான்: "அப்ப அவர் ஸ்கிரீன்ல என்னதான் தெரிஞ்சுது?"

அதுதான் பதிவில் இல்லை என்றேன்.